ஒக்டோபர் கடைசியில் பிசகிய விலைப்பட்டியல்

கல்முனையில் இருக்கும் என் பழைய கணித ஆசிரியர், ஓய்வுபெற்ற பிறகு பங்குச் சந்தையில் ஈடுபாடு கொண்டவர். டோக்கியோ, லண்டன், நியூயோர்க் ஆகிய மூன்று சந்தைகளிலும் சில பங்குகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார். வாங்குவதும் விற்பதும் டோகாவில் வேலை செய்யும் மகன். குறித்து வைப்பதும் கணக்குப் பார்ப்பதும் சேர். முன்பு பெரிய கொப்பியில் எழுதுவார். 2024 ஓகஸ்டில் விடுமுறையில் வந்த மகன், இணைய ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை கணினியை வைத்து, விலைகளைத் தானாக எடுத்து எழுதும் சிறு நிரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தை திறந்து இருபது நிமிடத்தில் ஒரு விலை, மூடி இருபது நிமிடத்தில் ஒரு விலை. இலவசத் தரவுச் சேவை பதினைந்து நிமிடம் பிந்தித்தான் விலை தரும் என்பதால் அந்த இருபது நிமிடம்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் சேர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பட்டியலில் உள்ள முடிவு விலையும் மகன் அனுப்பும் தரகர் அறிக்கையில் உள்ள முடிவு விலையும் ஒத்துப்போகவில்லை. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு நாளும் சரியாக வருவதில்லை" என்றார். பெரிய வித்தியாசம் என்றால் நானும் தரவுச் சேவையைத்தான் முதலில் சந்தேகித்திருப்பேன். சிறிய வித்தியாசம், அதுவும் தினமும் என்றால், அங்கே ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது. கல்லடியிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறினேன்.

கணினியின் கடிகாரம் சரியாகவே இருந்தது. கால அட்டவணைக் கோப்பைத் திறந்தால் இப்படி இருந்தது:

```
50 5  * * 1-5  fetch.py TYO open
50 11 * * 1-5  fetch.py TYO close
50 12 * * 1-5  fetch.py LON open
20 21 * * 1-5  fetch.py LON close
20 19 * * 1-5  fetch.py NYC open
50 1  * * 2-6  fetch.py NYC close
```

வரியில் முதல் எண் நிமிடம், அடுத்தது மணி, நிரலின் பெயருக்கு முன்னால் இருப்பது கிழமை. எல்லாம் இலங்கை நேரம். மகன் கவனமான ஆள் என்பது கடைசி வரியிலேயே தெரிகிறது. நியூயோர்க்கில் வெள்ளிக்கிழமை மாலை சந்தை மூடும்போது நமக்குச் சனிக்கிழமை அதிகாலை. அதனால் அந்த வரியில் மட்டும் கிழமை செவ்வாய் முதல் சனி வரை. பலர் தவறவிடும் இடத்தை அவர் தவறவிடவில்லை. ஓகஸ்டில் இந்த ஆறு வரிகளும் நூற்றுக்கு நூறு சரி. அந்த மாதத்தில் லண்டன் காலை 8 மணி நமக்குப் பகல் 12.30, நியூயோர்க் காலை 9.30 நமக்கு இரவு 7 மணி.

பட்டியலைத் தரகர் அறிக்கையோடு நாள் வாரியாக ஒப்பிட்டோம். சேர் ஒரு கையில் அடிமட்டமும் மறு கையில் சிவப்புப் பேனையுமாக உட்கார்ந்துகொண்டார். லண்டன் ஒக்டோபர் 25, வெள்ளிக்கிழமை வரை சரி. 28, திங்கட்கிழமையிலிருந்து பிழை. நியூயோர்க் நவம்பர் 1 வரை சரி. 4, திங்கட்கிழமையிலிருந்து பிழை. இரண்டுக்கும் இடையில் சரியாக ஒரு வாரம். இந்த ஒரு வார இடைவெளியைப் பார்த்த உடனேயே காரணத்தைச் சொல்லிவிடலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கோடைகால நேரத்தைப் பிரித்தானியா ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு முடித்துக்கொள்கிறது. அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. 2024இல் அவை ஒக்டோபர் 27, நவம்பர் 3. தரவுச் சேவையிலோ நம் கணினியிலோ கோளாறு என்றால் எல்லாச் சந்தையும் ஒரே நாளில் கெட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் தன் நாட்டின் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டிக் கெட்டிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் டோக்கியோ குழப்பியது. யப்பானில் கோடைகால நேரம் என்பதே இல்லை. ஆண்டு முழுவதும் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால்தான் இருக்கிறது. இருந்தும் டோக்கியோவின் முடிவு விலையும் நவம்பர் 5, செவ்வாய்க்கிழமையிலிருந்து பிசகியிருந்தது. தொடக்க விலையில் பிழை இல்லை. முடிவு விலையில் மட்டும். கடிகாரம் மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்து கெட வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது என்றால் சந்தை மூடும் நேரம்தான் மாறியிருக்கிறது. அப்படியே நடந்திருந்தது. டோக்கியோ பங்குச் சந்தை 2024 நவம்பர் 5 முதல் மூடும் நேரத்தைப் பிற்பகல் 3 மணியிலிருந்து 3.30க்குத் தள்ளி வைத்தது. முந்தைய நாள் திங்கள் அங்கே விடுமுறை. நம் நிரல் பகல் 11.50க்கு, அதாவது டோக்கியோவில் 3.20க்கு, சந்தை இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு விலையை எடுத்து "முடிவு" என்று எழுதிவிட்டது. மூன்று சந்தையும் ஒன்பது நாளுக்குள் வரிசையாகக் கெட்டிருந்தன. மூன்றாவதற்குக் காரணம் வேறு.

எந்தப் பக்கம் பிசகினால் ஆபத்து

இதே அட்டவணையைக் குளிர்காலத்தில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இது தெரிந்தால்தான் பழைய பட்டியலில் எதை நம்பலாம் என்று சொல்ல முடியும்.

குளிர்காலத்தில் நியூயோர்க் நமக்கு இரவு 8 மணிக்குத் திறந்து அதிகாலை 2.30க்கு மூடுகிறது. அதற்கேற்ப 8.20, 2.50 என்று எழுதி வைத்தவருக்கு மார்ச் மாதம் வந்ததும் சந்தை ஒரு மணி நேரம் முந்திக்கொள்ளும். 2.50க்கு நிரல் ஓடும்போது சந்தை மூடி ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருக்கும். மூடிய பின் எப்போது கேட்டாலும் சேவை அதே முடிவு விலையைத்தான் தரும். எனவே முடிவு விலையில் பழுதில்லை. தொடக்க விலை மட்டும் ஒரு மணி நேரம் பிந்தியது.

கோடைகாலத்தில் எழுதிய அட்டவணை அப்படியல்ல. சந்தை பின்னுக்குப் போய்விடுகிறது, நிரல் முந்திக்கொண்டு ஓடுகிறது. நவம்பர் 4க்குப் பிறகு இரவு 7.20க்கு நம் நிரல் நியூயோர்க்கைக் கேட்டபோது அங்கே காலை 8.50, சந்தை திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அதிகாலை 1.50க்குக் கேட்டபோது அங்கே பிற்பகல் 3.20, மூட இன்னும் நாற்பது நிமிடம். இரண்டு தடவையும் சேவை மறுக்காமல் ஒரு விலையைக் கொடுத்தது. எங்கும் ஒரு எச்சரிக்கைச் செய்தி கூட வரவில்லை. ஒரு நிரல் நின்றுபோனால் மறுநாளே தெரிந்துவிடும். இது ஓடிக்கொண்டே பிழையாக எழுதியது.

இதில் ஒரு நல்ல விடயமும் ஒளிந்திருந்தது. திறப்பதற்கு நாற்பது நிமிடம் முன்னால் கேட்டால் கிடைப்பது கடைசியாக நடந்த வணிகத்தின் விலை, அதாவது முந்தைய நாளின் உண்மையான முடிவு விலை. இந்தச் சேவை வழமையான சந்தை நேரத்துக்கு வெளியே நடக்கும் வணிகத்தைக் காட்டுவதில்லை என்பதால் இது உறுதி. எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன்: செவ்வாய் அன்று ஒரு பங்கு உண்மையில் 412இல் மூடியது என்றால், பட்டியலில் செவ்வாய் முடிவு 409 என்று இருக்கும், புதன் தொடக்கம் 412 என்று இருக்கும். சரியான முடிவு விலை பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு நாள் தள்ளி, பிழையான பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. சேர் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டு நாலைந்து நாளைச் சரிபார்த்தார், எல்லாம் பொருந்தின. லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் முடிவு விலைகளை இப்படியே இடம் மாற்றி மீட்டோம். தொடக்க விலைகள் போனது போனதுதான். அந்தக் கட்டங்களை வெறுமையாக்கினேன். பொய்யான எண்ணை விட வெற்றுக் கட்டம் மேல். டோக்கியோவில் இந்த வழி செல்லாது. அங்கே தொடக்க விலை ஒழுங்காக இருந்ததால் முடிவு விலை வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. பழைய நாள் விலைகளைச் சேவையிடம் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது.

திருத்தம்

மகன் டோகாவிலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு யோசனை சொன்னார். முதலாவது, வருடத்துக்கு இரண்டு தடவை அட்டவணையைக் கையால் மாற்றுவது. இரண்டு தடவை என்று கேட்கச் சிறிதாக இருக்கிறது. உண்மையில் நான்கு தடவை. மார்ச்சில் அமெரிக்கா இரண்டாம் ஞாயிறு மாறுகிறது, பிரித்தானியா கடைசி ஞாயிறு மாறுகிறது. இடையில் இரண்டு அல்லது மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகச் சுருங்கிவிடும். இலையுதிர் காலத்தில் மறுபடி ஒரு வாரம். சேருடைய சுவரில் ஒட்டியிருந்த தாளில் "லண்டன் 12.30, நியூயோர்க் 7.00" என்று கோடைகால நேரமும், அதன் கீழே இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக் குளிர்கால நேரமும் எழுதப்பட்டிருந்தன. இரண்டும் பொருந்தாத அந்த மார்ச் வாரங்களுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இரண்டாவது யோசனை, அட்டவணைக் கோப்பின் தலையில் `TZ` என்று நியூயோர்க் நேர வலயத்தைக் குறிப்பது. அந்தக் கணினியில் இருப்பது டெபியன் வகை இயங்குதளம். அதிலுள்ள கால அட்டவணைச் சேவை அந்த வரியை ஓடும் நிரலுக்குக் கொடுக்குமே தவிர, எப்போது ஓட வேண்டும் என்பதைக் கணினியின் சொந்த நேரத்தை வைத்தே தீர்மானிக்கும். நிரல் ஓடும் நேரம் ஒரு நிமிடம் கூட மாறாது. போதாக்குறைக்கு அவர் எழுதச் சொன்ன பெயர் `EST`. அது நியூயோர்க்கின் பெயரல்ல. கோடையிலும் குளிரிலும் உலக நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால் நிற்கும், ஒருபோதும் அசையாத வலயம். அட்டவணைச் சேவை அதை மதித்தாலும், குளிர்காலம் முழுவதும் எல்லாம் சரியாக நடப்பது போலத் தெரிந்து, மார்ச் மாதம் மறுபடி காலை வாரிவிடும். ஊரின் பெயரால் வரும் `America/New_York` என்ற வலயத்தைத்தான் எழுத வேண்டும். அதற்குள் கோடை, குளிர் விதிகள் எல்லாம் ஆண்டு வாரியாக இருக்கின்றன.

நான் செய்த திருத்தத்தின் அடிப்படை ஒன்றுதான். எந்த நேரத்தையும் இலங்கை நேரமாக எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு சந்தையின் நேரத்தையும் அந்தச் சந்தையின் சொந்தக் கடிகாரப்படி எழுதி, அன்றன்றைக்கு உலக நேரமாக மாற்றிக்கொள்வது. டோக்கியோ கற்றுத் தந்ததால், எந்தத் திகதியிலிருந்து அந்த நேரம் செல்லும் என்பதற்கும் ஒரு பத்தி வைத்தேன்:

```
TYO  2024-01-01  Asia/Tokyo        09:00  15:00
TYO  2024-11-05  Asia/Tokyo        09:00  15:30
LON  2024-01-01  Europe/London     08:00  16:30
NYC  2024-01-01  America/New_York  09:30  16:00
```

ஒரு நாளுக்குரிய வரியைத் தேடும்போது, அந்த நாளிலோ அதற்கு முன்போ தொடங்கும் வரிகளில் மிகப் புதியதை நிரல் எடுத்துக்கொள்கிறது. பழைய வரியை அழிக்கக்கூடாது. அழித்தால் ஒக்டோபர் மாதப் பதிவைப் பின்னால் சரிபார்க்கும்போது அந்த நாட்களுக்கு வரியே கிடைக்காது.

மாற்றும் வேலையை பைத்தனோடு வரும் `zoneinfo` செய்கிறது. பதிப்பு 3.9 முதல் அது உள்ளேயே இருக்கிறது:

```python
from datetime import datetime, timedelta, timezone
from zoneinfo import ZoneInfo

def session_utc(zone, start, end, day):
    tz = ZoneInfo(zone)
    a = datetime.combine(day, start, tzinfo=tz)
    b = datetime.combine(day, end, tzinfo=tz)
    return a.astimezone(timezone.utc), b.astimezone(timezone.utc)
```

இதில் `day` என்பது சந்தை இருக்கும் ஊரின் திகதி. நம் திகதியும் அல்ல, உலக நேரத் திகதியும் அல்ல. அதேபோல் நேற்றைய திறப்பு நேரத்தோடு 24 மணி நேரத்தைக் கூட்டி இன்றைய திறப்பு நேரத்தைப் பெற முயலக்கூடாது. வெள்ளிக்கிழமையிலிருந்து 72 மணி நேரம் கூட்டினால் ஆண்டில் இரண்டு திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தள்ளி நிற்போம். திகதியைக் கூட்டிவிட்டு, பிறகு உலக நேரமாக மாற்ற வேண்டும். கடிகாரம் மாறும் அந்த இரவில் ஒரு மணி நேரம் இல்லாமல் போவது, ஒரு மணி நேரம் இருமுறை வருவது என்றெல்லாம் பயமுறுத்துவார்கள். அது ஞாயிறு அதிகாலையில் நடப்பதால் பங்குச் சந்தையைத் தொடுவதில்லை.

அட்டவணைக் கோப்பில் இப்போது ஒரே ஒரு வரி:

```
*/5 * * * *  watch.py
```

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பி, ஒவ்வொரு சந்தையையும் பார்த்து, "இந்தச் சந்தையில், இந்தத் திகதிக்கு, இந்த வேலை முடிந்துவிட்டதா? இல்லையென்றால் அதற்கான நேரம் கடந்துவிட்டதா?" என்று கேட்கிறது. குறித்த நேரத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும் முறையை விட்டு இதற்கு மாறியதற்கு இன்னொரு காரணம் நம் ஊர் மின்சாரம். நவம்பர் இறுதி வெள்ளத்தின்போது மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வந்தது. அதிகாலை 2.50க்கு மின்சாரம் இல்லையென்றால் பழைய முறையில் அந்த நாளின் முடிவு விலை போயே போய்விடும். புதிய முறையில் கணினி விடிந்த பிறகு எழும்பினாலும் விட்டதைப் பிடித்துக்கொள்கிறது:

```python
today = now.astimezone(ZoneInfo(zone)).date()
for back in range(4):
    day = today - timedelta(days=back)
    if day.weekday() > 4 or (code, day, "close") in done:
        continue
    start, end = session_utc(zone, open_t, close_t, day)
    if now >= end + timedelta(minutes=20):
        record_close(code, day, end)
```

நான்கு நாள் பின்னோக்கிப் பார்ப்பது வார இறுதிக்காக. வெள்ளி முடிவை எடுக்குமுன் மின்சாரம் போய் ஞாயிறு மாலை வந்தாலும் அது விடுபடாது. தொடக்க விலைக்கு இந்தச் சலுகை இல்லை. திறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடச் சொல்லியிருக்கிறேன்.

மின்வெட்டோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். அந்த ராஸ்பெரி பை நான்காம் வகை; அதில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்து எழும்பியதும், அணைவதற்கு முன் கடைசியாகச் சேமித்த நேரத்தையே இன்னும் அதே நேரம் என்று நம்பிக்கொண்டிருக்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் வரும் வரை அது சொல்வதெல்லாம் பழைய கதை. ரவுட்டர் எழும்பக் கணினியை விட அதிக நேரம் எடுக்கும் வீட்டில் இந்த இடைவெளி சில நிமிடங்களுக்கு நீளும். எனவே நிரலின் முதல் வேலை இந்தக் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது:

```
timedatectl show -p NTPSynchronized --value
```

`yes` என்று வந்தால்தான் மேலே போகும். இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் படுத்துவிடும். ஐந்து நிமிடத்தில் எப்படியும் மறுபடி எழும்பப் போகிறது.

நேரக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், எடுத்த விலை எந்த நேரத்துக்குரியது என்று விலையிடமே கேட்பது நல்லது. சேவை ஒவ்வொரு விலையோடும் கடைசி வணிகம் நடந்த நேரத்தையும் உலக நேரத்தில் அனுப்புகிறது. பழைய நிரல் அதை எறிந்துவிட்டு, தான் கேட்ட நேரத்தை இலங்கை நேரமாக, வலயக் குறிப்பு எதுவும் இல்லாமல் எழுதி வைத்தது. அந்த எறிந்த எண் கையில் இருந்திருந்தால் ஒக்டோபர் 28 அன்றே பிழை தெரிந்திருக்கும். இப்போது அதையும் சேமிக்கிறோம். தொடக்க விலை என்றால் கடைசி வணிகம் திறப்பு நேரத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்; முடிவு விலை என்றால் மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் முந்தியதாக இருக்கக்கூடாது. பொருந்தாத விலை பட்டியலுக்குள் போகாது. தனிக் கோப்பில் விழும், சேருடைய தொலைபேசிக்கு ஒரு செய்தி போகும். மிகக் குறைவாக வணிகமாகும் பங்குகளில் கடைசி வணிகம் மத்தியானமே முடிந்திருக்கலாம் என்பதால், இந்தச் சோதனையை ஒவ்வொரு சந்தையிலும் நிறைய வணிகமாகும் ஒரு பங்கை வைத்துத்தான் செய்கிறோம்.

நாங்கள் எதிர்பாராத ஒன்றையும் இந்தச் சோதனை பிடித்தது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள், நவம்பர் 29, நியூயோர்க் சந்தை பிற்பகல் 1 மணிக்கே மூடிவிட்டது. நமக்கு இரவு 11.30. நிரல் 2.50க்கு எழும்பிக் கேட்டபோது கடைசி வணிகம் மூன்று மணி நேரம் பழசு என்று சொல்லி எழுத மறுத்தது. விலை சரியானதுதான், இருந்தாலும் மறுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. விடுமுறை நாட்களும் அரை நாட்களும் எந்த நேர வலயக் கோப்பிலும் இருக்காது. அவற்றைச் சந்தைகள் வெளியிடும் ஆண்டு அட்டவணையைப் பார்த்துத் தனிக் கோப்பில் கையால்தான் எழுத வேண்டும். லண்டனில் டிசம்பர் 24ஆம் 31ஆம் திகதிகள் வேலை நாளாக இருந்தால் பகல் 12.30க்கே மூடிவிடுவார்கள். அந்தக் கோப்பை எழுதுவது சேருடைய பொறுப்பு. அந்த வேலையை அவர் என்னிடம் தர மாட்டார்.

முன்கூட்டியே பார்த்தது

மார்ச் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கணினியின் கடிகாரத்தைத் திருகி முன்னால் தள்ளிப் பார்ப்பது கெட்ட பழக்கம். மற்ற நிரல்களும் சேர்ந்து குழம்பும். திகதியை வெளியிலிருந்து கொடுக்கக்கூடியதாக நிரலை எழுதியிருந்ததால், 2025இன் முக்கியமான நாட்களைக் கொடுத்து இலங்கை நேரத்தில் அச்சடித்துப் பார்த்தோம்:

```
2025-03-07  TYO 05:30-12:00  LON 13:30-22:00  NYC 20:00-02:30
2025-03-10  TYO 05:30-12:00  LON 13:30-22:00  NYC 19:00-01:30
2025-03-31  TYO 05:30-12:00  LON 12:30-21:00  NYC 19:00-01:30
2025-10-27  TYO 05:30-12:00  LON 13:30-22:00  NYC 19:00-01:30
2025-11-03  TYO 05:30-12:00  LON 13:30-22:00  NYC 20:00-02:30
```

இரண்டாவது வரியும் நான்காவது வரியும் சுவர்த்தாளில் இல்லாத அந்த இடைப்பட்ட வாரங்கள். இரண்டிலும் லண்டன் குளிர்காலத்திலும் நியூயோர்க் கோடைகாலத்திலும் நிற்கின்றன. ஒரு நிரல் உண்மையில் வலய விதியைப் பார்த்து நடக்கிறதா, அல்லது யாரோ எழுதிய இரண்டு எண்ணுக்குள் தாவுகிறதா என்று அறிய இந்த வரிகள் போதும்.

பட்டியலைப் பார்த்த சேர், "நம் நேரம் மட்டும் மாறவே மாறாது, அது ஒரு நிம்மதி" என்றார். பிறகு அவரே சிரித்தார். 1996 மே மாதம் இலங்கை ஒரு மணி நேரம் முன்னால் போனது, ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னால் வந்தது, 2006 ஏப்ரலில் மறுபடி பழைய ஐந்தரைக்கே திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. மட்டக்களப்பு வாவியின் இக்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போய்வந்த எங்கள் வயதுக்காரருக்கு, பேசும்போது "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுக்கொள்வது பழக்கம். சேருடைய பழைய கொப்பிகள் 1999இலிருந்து தொடங்குகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றும்போது இலங்கை நேரத்தை ஐந்தரை என்று நிலையான எண்ணாகப் போட்டால் 2006 ஏப்ரல் வரை எல்லாப் பதிவும் அரை மணி நேரம் தள்ளும். `Asia/Colombo` என்று போட்டால் அந்த ஆண்டுகளுக்கு ஆறு மணி என்று அதுவே கணக்கிடுகிறது. ஒன்றை மட்டும் அது அறியாது: வாவியின் மேற்குக் கரையில் இருந்துகொண்டு எழுதிய குறிப்பு என்றால் அதற்கு வலயப் பெயரே கிடையாது. நல்ல வேளையாக சேர் எல்லாவற்றையும் கல்முனையில் இருந்தே எழுதியிருக்கிறார்.

வலய விதிகள் இயங்குதளத்தின் `tzdata` என்ற பொதியில் வருகின்றன. ஒரு நாடு விதியை மாற்றினால் அந்தப் பொதி புதுப்பிக்கப்படும். நம் கணினி அதைப் பெற்றுக்கொள்ளாவிட்டால் நிரல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பழைய விதிப்படியே நடக்கும். மாதத்துக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பிக்க வைத்திருக்கிறேன். விண்டோஸ் கணினியில் இதைச் செய்பவர்கள் `pip install tzdata` என்று தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பைத்தனுக்கு இந்த விதிகள் தானாகக் கிடைப்பதில்லை.

மார்ச் 10 அன்று நியூயோர்க்கும், 31 அன்று லண்டனும் மாறின. இரண்டு நாளும் பட்டியல் தரகர் அறிக்கையோடு ஒத்துப்போனது. அதைப் பார்த்த மகன் சிட்னியையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். சிட்னி தென் அரைக்கோளம். அங்கே கோடைகால நேரம் ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிகிறது. லண்டன் முன்னால் போகும் பருவத்தில் சிட்னி பின்னால் வருகிறது. அதன் கோடைகாலத்தில் காலை 10 மணித் திறப்பு உலக நேரப்படி முந்தைய நாள் இரவு 11 மணி. உலக நேரத் திகதியை வைத்து வேலைகளைக் குறித்திருந்தால் திங்கட்கிழமை வணிகம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் விழுந்து, வார இறுதி என்று ஒதுக்கப்பட்டிருக்கும். சந்தையின் சொந்தத் திகதியை வைத்திருந்ததால் நிரலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கோப்பில் ஒரு வரி மட்டும் கூடியது.

```
SYD  2025-04-01  Australia/Sydney  10:00  16:12
```

அங்கே எல்லாப் பங்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்து, பத்து மணியிலிருந்து ஏறத்தாழ ஒன்பது நிமிடத்துக்குள் குழு குழுவாகத் திறக்கிறார்கள். விலை பதினைந்து நிமிடம் பிந்தி வருவதால், இருபது நிமிட அவகாசம் முதலில் திறக்கும் குழுக்களுக்கு மட்டுமே போதும். மாலை 4 மணிக்குத் தொடர் வணிகம் நின்றாலும் முடிவு விலை 4.10 கடந்து நடக்கும் ஏலத்தில்தான் வருகிறது என்பதால் 16:12 என்று வைத்தேன். ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமைக்கு நிரல் அதிகாலை 4.30 என்று காட்டியது. 7, திங்கட்கிழமைக்கு 5.30. திங்கள் அன்று முதல் விலை 5.50க்கு வந்தது. அதே ஐந்து நிமிடச் சுற்றில் டோக்கியோவும் வந்திருந்தது.